அகலமாக எடுத்ததைச் செங்குத்தாக்குவது: நடக்கும் ஆளின் பின்னால் நகரும் கீஃப்ரேம்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தில் எடுத்த 24 விநாடி கிளிப் ஒன்று என்னிடம் இருக்கிறது. கேமரா ட்ரைபாடில் அசையாமல் நிற்கிறது. இடப்பக்கம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து ஓர் அக்கா பச்சைத் தேயிலைச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார். பாதி வழியில் நின்று, பக்கத்து வரிசையில் கொழுந்து பறிக்கிறவரிடம் ஏதோ பேசுகிறார். மறுபடி நடந்து, வலது கோடியில் தராசு வைத்திருக்கும் அண்ணனிடம் போய்ச் சாக்கை இறக்குகிறார். அகலத் திரையில் பார்க்கும்போது சரிவு, மரம், மூடுபனி எல்லாம் ஒரே படத்தில் அழகாக அடங்கியிருக்கும். அதே கிளிப் ஃபோனில் நிமிர்ந்து நிற்கும் வீடியோவாக வேண்டும் என்று கேட்டார்கள். நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் முதல் ஐந்து விநாடிக்கு வெறும் தேயிலைப் புதர்தான் தெரியும். கடைசியில் தராசும் இல்லை, அக்காவும் இல்லை.

அதனால் வெட்டும் ஜன்னல் அக்காவோடு சேர்ந்து நகர வேண்டும். எந்த நொடியில் ஜன்னல் எங்கே நிற்க வேண்டும் என்று நாம் குறித்து வைக்கும் புள்ளிதான் கீஃப்ரேம். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான நகர்வை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். இந்த ஒரு கிளிப்பை வைத்தே அதைச் சொல்கிறேன். நான் பயன்படுத்துவது DaVinci Resolve, இலவசப் பதிப்பே போதும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர் மாறும், கணக்கு மாறாது.

முதலில் அளவு

என் கிளிப் 4கே, அதாவது 3840 × 2160 பிக்சல். எனக்கு வேண்டியது 1080 × 1920. முழு உயரத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டால் 9:16 ஜன்னலின் அகலம் 1215 பிக்சல்தான் வரும். எடுத்த படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் எப்போதும் திரைக்கு வெளியே இருக்கும் என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கிளிப் 1920 × 1080 ஆக இருந்தால் அந்த ஜன்னல் வெறும் 607 பிக்சல் அகலம். அதை 1080க்கு இழுத்துப் பெரிதாக்க வேண்டும். முகம் மாவு பூசினது போல ஆகிவிடும், தேயிலை இலைகளின் நுணுக்கம் போய்விடும். செங்குத்து வீடியோவும் கேட்பார்கள் என்று தெரிந்தால் 4கேயில் எடுத்துவிடுங்கள்.

4கேயில் இன்னொரு வசதியும் உண்டு. முழு உயரத்தை எடுத்தால் 2160 பிக்சலை 1920க்குச் சுருக்குகிறோம். அப்படிச் சுருக்காமல் 1.125 மடங்கு ஜூம் வைத்தால், எடுத்த படத்தின் ஒரு பிக்சல் திரையிலும் ஒரு பிக்சலாக நிற்கும். தெளிவு குறையாது. மேலும் கீழும் நகர்த்த 120 பிக்சல் இடம் கிடைக்கும். கணக்கும் எளிதாகிவிடும். இந்தக் கிளிப்புக்கு அப்படித்தான் செய்தேன்.

டைம்லைனைத் தயார் செய்தல்

அகல வீடியோவை முழுதாக வெட்டி, நிறம் சரிசெய்து முடித்த பிறகுதான் செங்குத்து வேலையைத் தொடங்குவேன். கிளிப்பின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ நினைத்தால் அதையும் முதலிலேயே முடித்துவிட வேண்டும். கீஃப்ரேம் வைத்த பிறகு வேகத்தை மாற்றினால் அக்கா ஒரு நேரத்திலும் ஜன்னல் ஒரு நேரத்திலும் போகும். திரும்பவும் முதலிலிருந்து உட்கார வேண்டியதுதான்.

மீடியா பூலில் அந்த டைம்லைனைப் பிரதி எடுங்கள். பிரதியின் Timeline Settings திறந்து, Use Project Settings என்ற டிக்கை எடுத்துவிட்டு, அளவை 1080 × 1920 என்று கொடுங்கள். அதே இடத்தில் Mismatched Resolution என்று ஒன்று இருக்கும். அதில் Scale full frame with crop என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் அகலப் படம் சிறுத்து நடுவில் ஒரு பட்டையாக நிற்கும், மேலும் கீழும் கறுப்பு. தேர்ந்தெடுத்ததும் படம் உயரம் முழுக்க நிரம்பும், இருபக்கமும் மிஞ்சியது திரைக்கு வெளியே காத்திருக்கும். அகல வீடியோவில் போட்ட எழுத்துகள் இங்கே வெட்டுப்படும், அவற்றைத் தனியாகத் திரும்பப் போட வேண்டும்.

இப்போது கிளிப்பைத் தேர்ந்தெடுத்து Inspector திறந்து, Zoom 1.125 கொடுங்கள். Position X என்ற எண்ணை இழுத்துப் பாருங்கள். கூடினால் படம் வலப்பக்கம் நகரும், அதனால் எடுத்த காட்சியின் இடப்பக்கம் திரைக்குள் வரும். குறைந்தால் நேர்மாறு. தொடக்கத்தில் இது தலைகீழாகத் தோன்றும், ஏனென்றால் நாம் நகர்த்துவது படத்தை, மனதில் நினைப்பதோ ஜன்னலை. ஜன்னலின் நடுப்புள்ளி எடுத்த படத்தில் இடது ஓரத்திலிருந்து எத்தனையாவது பிக்சலில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இந்த ஜூமில் கணக்கு இவ்வளவுதான்:

```
Position X = 1920 - நடுப்புள்ளி
```

இருபக்கமும் எல்லை 1380. அதைத் தாண்டினால் ஓரத்தில் கறுப்புக் கோடு எட்டிப்பார்க்கும். எண்ணை மெதுவாக இழுத்து அந்தக் கறுப்பு எங்கே வருகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கீஃப்ரேம் வைக்கும் முன் ஒரு தாள்

இந்த வேலையை முதன்முதலில் செய்தபோது அரை விநாடிக்கு ஒரு கீஃப்ரேம் வைத்தேன். ஒவ்வொரு இடத்திலும் அக்காவின் முகத்தைச் சரியாக நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. ஓடவிட்டால் மலையே படகில் போவது போல ஆடியது. என் அத்தை பார்த்துவிட்டு, "என்னப்பா, பின்னாடி மரமெல்லாம் நடக்குது, தலை சுத்துதே" என்றார். அவர் சொன்னதுதான் சரியான நோய்க்குறி. நடக்கிறவர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடுவார். அந்த ஆட்டத்தையெல்லாம் ஜன்னலுக்கு மாற்றிக்கொடுத்தால் அவர் நிலையாக நிற்பார், உலகம் ஆடும்.

அதற்குப் பிறகு கீஃப்ரேமைத் தொடும் முன் கிளிப்பை நான்கைந்து தடவை ஓடவிட்டு, அவருடைய நடையின் போக்கு எங்கே மாறுகிறது என்று மட்டும் தாளில் எழுதிக்கொள்கிறேன். தொடங்கும் இடம், நிற்கும் இடம், கிளம்பும் இடம், சேரும் இடம். இந்தக் கிளிப்பில் தாளில் வந்தது இது. 0 விநாடியில் அக்கா 620ஆவது பிக்சல் அருகே, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறார். 6ஆவது விநாடியில் 1500இல் நிற்கிறார். 9இல் மறுபடி காலடி எடுத்து வைக்கிறார். 17இல் 2900க்கு வந்து சாக்கை இறக்குகிறார். தராசு அண்ணன் எப்போதும் 3300இல்தான் நிற்கிறார். 24 விநாடிக்கு நான்கு மாற்றங்கள், ஆகவே நான்கு கீஃப்ரேம்.

பிக்சல் எண்ணைத் துல்லியமாக அளக்கத் தேவையில்லை. அந்த நேரத்துக்குப் போய், படம் கண்ணுக்குச் சரியாக நிற்கும் வரை Position Xஐ இழுங்கள். அதுதான் உங்கள் எண்.

எங்கே நிறுத்துவது

அக்கா வலப்பக்கம் நடக்கிறார். அவரை ஜன்னலின் நட்டநடுவில் வைத்தால் முகத்துக்கு எதிரே சுவர் வந்து நிற்பது போல இருக்கும். போகும் திசையில் இடம் விட்டால்தான் நடை நடையாகத் தெரியும். 1080 அகலத்தில் 150 பிக்சல் அளவுக்கு ஜன்னலின் நடுப்புள்ளியை அவருக்கு முன்னால் வைத்தேன். ஆகவே 0 விநாடியில் நடுப்புள்ளி 770, எண் 1150. ஆறாவது விநாடியில் நடுப்புள்ளி 1650, எண் 270. ஒன்பதிலும் அதே 270, ஏனென்றால் அவர் நிற்கிறார், ஜன்னலும் நிற்க வேண்டும்.

கடைசி இடம்தான் யோசிக்க வைத்தது. அங்கே முக்கியமானவர் ஒருவர் இல்லை, இருவர். சாக்கு இறங்குவதும் தராசு முள் அசைவதும் சேர்ந்தால்தான் காட்சி முழுமையாகும். 2900இல் அக்கா, 3300இல் அண்ணன், நடுவில் 400 பிக்சல். 1080க்குள் இருவரும் தாராளமாக அடங்குவார்கள். நடுப்புள்ளியை 3050 என்று வைத்தேன், எண் −1130. வேறொரு கிளிப்பில் இருவருக்கும் இடையே ஆயிரம் பிக்சலுக்கு மேல் இருந்தால் கீஃப்ரேமால் காப்பாற்ற முடியாது. இருவருக்கும் நடுவே ஜன்னலை அங்கும் இங்கும் ஆட்டுவதைவிட, கிளிப்பை வெட்டி ஒருவரை ஒரு ஷாட்டாகவும் மற்றவரை இன்னொரு ஷாட்டாகவும் வைப்பதுதான் சரி.

மேல்கீழ் நகர்வுக்கு இந்தக் கிளிப்பில் கீஃப்ரேம் எதுவும் வைக்கவில்லை. ஃபோன் செயலிகளில் திரையின் அடிப்பகுதியில் பெயரும் வாசகமும் வந்து உட்காரும் என்பதால், Position Yயை ஒரேயடியாக 80 உயர்த்தி அக்காவின் கையையும் தராசையும் அந்த இடத்திலிருந்து காப்பாற்றினேன்.

வேகம்

இங்கேதான் பலருக்கும் காரணம் புரியாமல் படம் கெட்டுப்போகிறது. உண்மையான கேமராவைத் திருப்பி ஒருவரைத் தொடர்ந்தால், திருப்பும்போதே பின்னணி கொஞ்சம் கலங்கிப் பதிவாகும். அந்தக் கலங்கல்தான் நகர்வை வழுக்கிக்கொண்டு போக வைக்கிறது. நம்முடைய படமோ ட்ரைபாடில் நின்றது. பின்னணியின் ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாக இருக்கிறது. அந்தக் கூர்மையான படத்தை நாம் நகர்த்தும்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது ஒரு படி தாவுகிறது. 25 ஃப்ரேமில் எடுத்த கிளிப்பில், வேகம் கூடினால் அந்தத் தாவல் கண்ணுக்குத் தெரியும். சில்வர் ஓக் மரம் இதற்கு மிக மோசமான பின்னணி. வெளிறிய நேரான தண்டு, பின்னால் கரும்பச்சை. ஒவ்வொரு தண்டும் இரட்டையாகத் துடிக்கும். மூடுபனி இறங்கிய காட்சியில் இந்தத் தொந்தரவு பாதியாகக் குறைந்துவிடும்.

கேமரா பிடிப்பவர்கள் கைக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறார்கள். பின்னணியில் உள்ள ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு விநாடியாவது ஆக வேண்டும். 1080 அகலத்துக்கு அது விநாடிக்குச் சுமார் 154 பிக்சல். என் முதல் நகர்வு ஆறு விநாடியில் 880 பிக்சல், அதாவது விநாடிக்கு 147. சரி, தப்பித்தது. இரண்டாவது நகர்வு 270இலிருந்து −1130 வரை, மொத்தம் 1400. அக்கா சேரும் 17ஆவது விநாடியிலேயே முடித்தால் எட்டு விநாடிக்கு 1400, விநாடிக்கு 175. ஓடவிட்டுப் பார்த்தேன், தண்டுகள் துடித்தன.

அதற்காக அக்காவின் நடையை மாற்ற முடியாது. ஆனால் ஜன்னல் அவரோடு சரியாக அதே நேரத்தில் சேர வேண்டும் என்று யார் சொன்னது? கடைசி கீஃப்ரேமை 18ஆவது விநாடிக்குத் தள்ளினேன். இப்போது ஒன்பது விநாடி, விநாடிக்குச் சுமார் 156, எல்லையை ஒட்டித்தான். முன்னால் விட்டிருந்த இடத்தை நடந்து தீர்த்துக்கொண்டே அவர் ஜன்னலின் நடுவுக்கு வந்துவிடுகிறார். அவர் நின்ற பிறகும் ஜன்னல் கொஞ்சம் நகர்ந்து, அண்ணனையும் தராசையும் முழுதாகக் காட்டி நிற்கிறது. அவர் எங்கே வந்திருக்கிறார் என்பது பார்க்கிறவருக்கு ஒரு நொடி கழித்துத் திறக்கிறது. வேகத்துக்காகச் செய்ததுதான், ஆனால் இந்தக் கிளிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுவாகிவிட்டது.

இதுவரை என் கீஃப்ரேம்கள் இவை, விநாடியும் Position X எண்ணும்:

```
 0    1150
 6     270
 9     270
18   -1130
```

வைப்பது எளிது. பிளேஹெட்டை முதல் ஃப்ரேமில் வைத்து, Inspectorஇல் Position பக்கத்தில் உள்ள வைரக் குறியை அழுத்துங்கள். அது நிறம் மாறினால் கீஃப்ரேம் விழுந்துவிட்டது. அப்புறம் 6ஆவது விநாடிக்குப் போய் எண்ணை மட்டும் மாற்றினால் போதும், கீஃப்ரேம் தானாக விழும். 9ஆவது விநாடியில் எண் மாறவில்லை என்பதால் அங்கே வைரத்தை நீங்களே அழுத்த வேண்டும். இதை மறந்தால் ஆறிலிருந்து பதினெட்டு வரை ஒரே நகர்வாகிவிடும். அக்கா நின்று பேசும்போது ஜன்னல் அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

வளைவு

இப்படியே விட்டால் ஜன்னல் ஒரே வேகத்தில் போய்ச் சட்டென்று நிற்கும், சட்டென்று கிளம்பும். மனிதர் அப்படி நிற்பதில்லை. டைம்லைனில் கிளிப்பின் வலது கீழ் மூலையில் வளைவுக் குறி இருக்கும், அதைத் திறந்தால் நகர்வு ஒரு கோடாகத் தெரியும். கோடு படுத்திருந்தால் ஜன்னல் நிற்கிறது. சாய்ந்திருந்தால் நகர்கிறது. முறிந்திருந்தால் அங்கே ஒரு குலுக்கல் இருக்கிறது. கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து அதை மென்மையாக்கும் பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

என் கிளிப்பில் முதல் கீஃப்ரேமை மென்மையாக்கவில்லை. கிளிப் தொடங்கும்போதே அக்கா நடந்துகொண்டிருக்கிறார். ஜன்னல் மட்டும் தயங்கித் தயங்கிக் கிளம்பினால் அவர் முன்னால் ஓடிவிடுவார். 6இல் வந்து சேரும் பக்கம் மென்மை. 9இல் கிளம்பும் பக்கம் மென்மை. அவர் காலெடுத்து வைத்த பிறகுதான் ஜன்னல் அசைவது போல இருக்கும், பக்கத்தில் நின்று பார்க்கிறவரின் தலை திரும்புவது போல. 18இல் வந்து சேரும் பக்கம் நல்ல நீளமான மென்மை. மென்மையாக்கினால் நடுப்பகுதியில் வேகம் சராசரியைவிடக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். ஏழு விநாடிக் கணக்கில் ஓரத்தில் நிற்கும் நகர்வு, மென்மை அதிகமானால் எல்லை தாண்டிவிடும்.

ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தனியாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் எண் 270தான், ஆனாலும் கோட்டை வளைக்கக் கீஃப்ரேமிலிருந்து நீளும் கைப்பிடிகள் சாய்ந்திருந்தால் நடுவில் கோடு கொஞ்சம் புடைத்துவிடும். ஜன்னல் போய்த் திரும்பி வரும். அந்த மூன்று விநாடியில் அக்கா நிற்க, மலை மிதக்கும். திரையின் ஓரத்துக்கு அருகில் உள்ள ஒரு மரத்தண்டைக் குறித்துக்கொண்டு ஓடவிடுங்கள். தண்டுக்கும் ஓரத்துக்கும் இடையே உள்ள தூரம் மாறவே கூடாது. மாறினால் கைப்பிடிகளை நேராகப் படுக்க வையுங்கள்.

நடுவழியில் அவர் ஜன்னலை விட்டு விலகுகிறாரா என்று பார்க்க நான் திரையில் காகிதத் துண்டுகளை ஒட்டுகிறேன். Resolve திரையில் படம் தெரியும் பெட்டியில், இடமிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒரு துண்டு, மூன்றில் இரண்டு பங்கில் ஒரு துண்டு. ஓடவிட்டால் அவர் முகம் இரண்டுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் முன்னும் பின்னும் போனால் கவலையில்லை, அது நல்லதுதான், உயிரோடு இருக்கும். என் கிளிப்பில் 13ஆவது விநாடி வாக்கில் பாதை வளைந்து அவர் கேமராவை நோக்கிச் சற்று வந்ததால் இடது துண்டைத் தாண்டிப் பின்தங்கினார். அங்கே ஐந்தாவதாக ஒரு கீஃப்ரேம் வைத்து 60 பிக்சல் திருத்தினேன். இந்த இடைக் கீஃப்ரேமுக்கு நிற்கும் மென்மையைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் கோடு அங்கே ஒரு படிக்கட்டு போலப் படுக்கும், நடக்கிறவரின் நடுவழியில் ஜன்னல் ஒரு நொடி தயங்கும். கோடு அந்தப் புள்ளி வழியாகச் சாய்வு மாறாமல் வழுக்கிப் போக வேண்டும்.

பார்த்து முடித்தல்

கணினி மெதுவாக இருந்தால் ஓட்டத்தில் வரும் தடங்கலையும் கீஃப்ரேம் குலுக்கலையும் பிரித்தறிய முடியாது. ஆகவே மென்பொருளுக்குள் பார்த்து முடிவெடுப்பதில்லை. Deliver பக்கத்தில் 1080 × 1920, H.264 கொடுத்து வெளியே எடுத்து, ஃபோனில், கையில் பிடிக்கும் தூரத்தில் பார்க்கிறேன். ஒருமுறை அக்காவை மட்டும். இன்னொருமுறை அவரைப் பார்க்காமல் பின்னணியை மட்டும். மரங்கள் எப்போது கிளம்புகின்றன, எப்போது நிற்கின்றன என்று பார்க்கும்போது, நான் வைத்த கீஃப்ரேம் எந்த நொடியில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும்.

பதினெட்டாவது விநாடிக்குப் பிறகு ஜன்னல் அசையவே இல்லை. மீதி ஆறு விநாடியும் தராசுக்கு. சாக்கு கொக்கியில் ஏறுகிறது, முள் ஆடி ஆடி அடங்குகிறது, அண்ணன் நோட்டில் எழுதுகிறார், அக்கா சும்மாட்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைக்கிறார்.